13 மதிப்பெண்ணுக்கு ரிஸ்க்கும் சிஸ்க்கும்

"ரிஸ்க், சிஸ்க் ப்ராசஸர்களை ஒப்பிட்டு விளக்குக." கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் பாடம் எடுத்த பொறியியல் மாணவர்கள் எல்லோருக்கும் பழகிய கேள்வி இது. அண்ணா பல்கலைக்கழகத் தேர்வுத்தாளில் 13 மதிப்பெண் பகுதியில் வந்தால் மாணவர்களுக்குக் கொண்டாட்டம். தாளின் நடுவே ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் 'கட்டளைகள் குறைவு', அந்தப் பக்கம் 'கட்டளைகள் அதிகம்' என்று ஆரம்பித்து எட்டு வரி எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். திருத்துகிறவர் ஆறோ ஏழோ போடுவார். எழுதியதில் பெரிய பிழை இருக்காது. ஆனால் ஏன் அப்படி என்பது ஒரு வரியில்கூட இருக்காது.

அந்த முதல் வரியே கொஞ்சம் இடறுகிறது. 1965-ல் டெக் நிறுவனம் விற்ற பிடிபி-8 கணினியில் அடிப்படைக் கட்டளைகள் எட்டே எட்டு. அதை யாரும் ரிஸ்க் என்று சொல்வதில்லை. இன்றைய கைபேசிகளில் இருக்கும் 64-பிட் ஆர்ம் ப்ராசஸரின் கட்டளைகளை எண்ணினால் நூற்றுக்கணக்கில் போகும். அது ரிஸ்க் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எனவே எண்ணிக்கையை வைத்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. கட்டளை ஒவ்வொன்றும் எவ்வளவு வேலை செய்கிறது, அது மெமரியைத் தொடுகிறதா, அதன் நீளம் முன்கூட்டியே தெரியுமா என்ற மூன்றையும்தான் பார்க்க வேண்டும்.

விடையை ஒரு சமன்பாட்டிலிருந்து தொடங்குவது நல்லது. ஒரு புரோகிராம் ஓடி முடிக்க ஆகும் நேரம் மூன்று எண்களின் பெருக்கல்:

```
T = N × CPI × t
```

`N` என்பது ஓடிய கட்டளைகளின் எண்ணிக்கை. `CPI` என்பது ஒரு கட்டளைக்குச் சராசரியாகச் செலவாகும் கிளாக் சைக்கிள்கள். `t` என்பது ஒரு சைக்கிளின் நேரம். சிஸ்க் வடிவமைப்பாளர்கள் `N`-ஐக் குறைக்கப் பார்த்தார்கள். ரிஸ்க்காரர்கள் `N` கூடினால் கூடட்டும் என்று விட்டுவிட்டு `CPI`-யையும் `t`-யையும் பிடித்துக் குறைத்தார்கள். இந்த இரண்டு வாக்கியத்தை முதல் பத்தியில் எழுதிவிட்டால் மற்றதெல்லாம் அதற்கு விளக்கம்தான்.

சிஸ்க் என்று பின்னால் பெயர் சூட்டப்பட்ட அந்த வழி முட்டாள்தனத்தில் பிறந்ததல்ல. 1960-களில் மெமரி விலை அதிகம், வேகம் குறைவு. புரோகிராம் சின்னதாக இருந்தால் காசு மிச்சம், மெமரிக்குப் போய்வரும் தடவையும் மிச்சம். கம்பைலர்கள் அப்போது அவ்வளவு கெட்டிக்காரத்தனமானவை அல்ல. பலர் அசெம்பிளியில் கையால் எழுதினார்கள். ஒரே கட்டளை நிறைய வேலை செய்தால் எழுதுகிறவருக்கும் சுகம்.

இதற்குத் தோள் கொடுத்தது மைக்ரோகோட். ஒரு பெரிய கட்டளை வந்ததும் ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் ஒரு சிறிய ரோம் அதைப் படிப்படியான குட்டி வேலைகளாக உடைத்து நடத்தும். 1964-ல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 குடும்பத்தில், விலையிலும் வேகத்திலும் வெகுவாக வேறுபட்ட பல மாடல்கள் ஒரே கட்டளைத் தொகுதியை ஓட்டின. பெரும்பாலானவற்றில் அதைச் சாத்தியமாக்கியது மைக்ரோகோடுதான். புதுக் கட்டளை வேண்டுமா, ரோமில் நாலு வரி சேர்த்தால் போதும். அதனால் சேர்த்துக்கொண்டே போனார்கள். 1977-ல் டெக் வெளியிட்ட வாக்ஸ்-11/780 இந்தப் போக்கின் உச்சம். பல்லுறுப்புக் கோவையின் மதிப்பைக் கணக்கிட்டுத் தரவே அதில் `POLY` என்று தனிக் கட்டளை ஒன்று இருந்தது.

1970-களின் நடுவில் இரண்டு விஷயங்கள் மாறின. மெயின் மெமரியும் செமிகண்டக்டருக்கு மாறியது, கேஷ் மெமரியும் வந்தது. மைக்ரோகோட் ரோம் வேகமானது, மெயின் மெமரி மந்தமானது என்ற பழைய இடைவெளி சுருங்கிவிட்டது. மற்றொரு பக்கம், ஓடுகிற புரோகிராம்களை அளந்து பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் புலப்பட்டது. கம்பைலர்கள் பெரும்பாலும் ஏற்று, சேமி, கூட்டு, ஒப்பிடு, தாவு போன்ற எளிய கட்டளைகளையே பயன்படுத்துகின்றன. பெரிய கட்டளைகளை அவை ஏறிட்டும் பார்ப்பதில்லை. ஐபிஎம்மில் ஜான் காக் குழு 1975 முதல் 801 என்ற கணினியில் இந்த எண்ணத்தைச் சோதித்தது.

பெர்க்லியில் இருந்த டேவிட் பேட்டர்சன் 1979-ல் டெக் நிறுவனத்துக்குப் போய், வாக்ஸ் மைக்ரோகோடில் பிழைகளைக் களையும் வேலையில் இருந்தார். சிக்கலான கட்டளைகளுக்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை உள்ளே இருந்து பார்த்தவர் அவர். அடுத்த ஆண்டு டேவிட் டிட்ஸலுடன் சேர்ந்து ரிஸ்க்குக்காக வாதாடி ஒரு கட்டுரை எழுதினார். அதில் வரும் ஓர் உதாரணத்தை விடைத்தாளில் கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். வாக்ஸில் அரேயின் குறியீட்டெண் எல்லைக்குள் இருக்கிறதா என்று சரிபார்த்து முகவரியைக் கணக்கிட `INDEX` என்று ஒரு கட்டளை உண்டு. அதை விட்டுவிட்டு, ஒப்பிடு, தாவு, கூட்டு, பெருக்கு என்ற அதே வாக்ஸின் எளிய கட்டளைகளை வரிசையாக எழுதினால் அந்த வேலை 45 சதவீதம் வேகமாக முடிந்தது. இத்தனைக்கும் இயந்திரம் ஒன்றுதான். அந்த வேலைக்கென்றே செய்த கட்டளை தோற்றது, பொதுவான சின்னக் கட்டளைகள் ஜெயித்தன.

இனி ஒரே வேலையை இரண்டு வகையிலும் செய்து பார்ப்போம். மெமரியில் ஓர் அரே. அதன் ஓர் உறுப்போடு 5 கூட்டித் திரும்ப அதே இடத்தில் வைக்க வேண்டும். உறுப்பு 16-பிட் எண். சிஸ்க் பக்கத்துக்கு, மைக்ரோப்ராசஸர் லேபில் எல்லோரும் பார்த்திருக்கும் இன்டெல் 8086-ஐ எடுத்துக்கொள்கிறேன். இது 1978-ல் வந்தது. அரேயின் தொடக்கம் `BX`-லும் உறுப்பின் தூரம் `SI`-லும் இருந்தால் ஒரே வரி:

```
ADD WORD PTR [BX+SI], 5     ; 83 00 05
```

இந்த ஒரு கட்டளை முகவரியைக் கூட்டுகிறது, மெமரியிலிருந்து எடுக்கிறது, 5 சேர்க்கிறது, மெமரியில் எழுதுகிறது. நான்கு வேலை, மூன்று பைட். ரிஸ்க் பக்கம் ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதியில் அதையே எழுதினால்:

```
add  t0, a0, a1
lh   t1, 0(t0)
addi t1, t1, 5
sh   t1, 0(t0)
```

நான்கு கட்டளை, ஒவ்வொன்றும் 4 பைட், மொத்தம் 16 பைட். இங்கே மெமரியைத் தொடுபவை `lh`, `sh` இரண்டு மட்டுமே. ஒன்று எடுத்துவரும், ஒன்று கொண்டுபோய் வைக்கும். கூட்டல் எப்போதும் ரெஜிஸ்டர்களுக்கு நடுவில்தான். லோட்-ஸ்டோர் அமைப்பு என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். ரிஸ்க்கில் ரெஜிஸ்டர்கள் அதிகம் என்று நாம் மனப்பாடமாக எழுதும் வரிக்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. மெமரியில் வைத்தே கூட்ட முடியாது என்றால் எண்களை வைத்துக்கொள்ள இடம் வேண்டுமே. 8086-ல் பொதுப் பயன்பாட்டு ரெஜிஸ்டர்கள் எட்டு. ரிஸ்க்-ஃபைவில் முப்பத்திரண்டு, அதில் ஒன்று எப்போதும் பூஜ்யமாகவே இருக்கும்.

இப்போது 5-க்குப் பதில் 1000 கூட்டுவோம். 8086-ல் கட்டளை `81 00 E8 03` ஆகிவிடுகிறது. முதல் பைட்டே மாறிவிட்டது, நீளமும் மூன்றிலிருந்து நான்காகிவிட்டது. `BX`-ஐயும் `SI`-யையும் விட்டு வேறு விதமாக முகவரி கொடுத்தால் இன்னும் இரண்டு பைட் கூடலாம். ரிஸ்க் பக்கம் `addi`-யில் 5 இருந்த இடத்தில் 1000 வருகிறது, அவ்வளவுதான். நீளம் அதே 4 பைட். ஆனால் `addi`-க்குள் மாறிலிக்கு 12 பிட்தான் இடம். -2048 முதல் 2047 வரை அடங்கும். 5000 கூட்ட வேண்டுமானால் முதலில் அதை வேறொரு ரெஜிஸ்டரில் ஏற்ற இரண்டு கட்டளை கூடுதலாகச் செலவழிக்க வேண்டும். நிலையான நீளம் என்ற வசதிக்கு ரிஸ்க் கொடுக்கும் விலை இது. மாணவர்கள் இதை எழுதுவதே இல்லை.

நேரத்துக்கு வருவோம். இன்டெல் கையேட்டின்படி, மெமரியில் உள்ள எண்ணோடு மாறிலியைக் கூட்ட 8086-க்கு 17 சைக்கிள் ஆகும். அதோடு முகவரியைக் கணக்கிடும் நேரமும் சேரும். `[BX+SI]`-க்கு அது 7. ஆக மொத்தம் 24 சைக்கிள். எண் இரட்டைப்படை முகவரியில் இருந்தால்தான் இந்தக் கணக்கு. ஒற்றைப்படை என்றால் ஒவ்வொரு மெமரிப் பயணத்துக்கும் 4 சைக்கிள் கூடும். 5 மெகாஹெர்ட்ஸ் 8086-ல் ஒரு சைக்கிள் 200 நானோ செகண்ட். இந்த ஒரு கட்டளைக்கு 4.8 மைக்ரோ செகண்ட் ஆகிறது.

ரிஸ்க் பக்கம் பைப்லைன் வேலை செய்கிறது. கல்யாணப் பந்தியில் ஒருவர் இலை போட்டுக்கொண்டே போக, அடுத்தவர் தண்ணீர் தெளிக்க, அடுத்தவர் பொரியல் வைக்க என்று வரிசையாக நகர்வார்களே, அந்த மாதிரி. ஓர் இலைக்கு முழுச் சாப்பாடும் வைத்து முடித்த பிறகு அடுத்த இலை என்று யாரும் காத்திருப்பதில்லை. பாடப்புத்தகத்தில் வரும் ரிஸ்க் பைப்லைனில் ஐந்து கட்டம்: கட்டளையை எடுத்தல், பிரித்துப் படித்தல், கணக்கிடல், மெமரி, ரெஜிஸ்டரில் எழுதுதல். நம் நான்கு கட்டளைகளும் அதில் இப்படிப் போகும்:

```
add   IF ID EX ME WB
lh       IF ID EX ME WB
addi        IF ID -- EX ME WB
sh             IF -- ID EX ME WB
```

மொத்தம் 9 சைக்கிள். `addi` வரிசையில் ஒரு கோடு இருக்கிறதே, அதைக் கவனிக்க வேண்டும். `lh` எடுத்துவரும் எண் அதன் மெமரிக் கட்டத்தின் முடிவில்தான் கைக்கு வருகிறது. வந்த உடனே அடுத்த கட்டளைக்குக் குறுக்கு வழியில் கொடுத்தாலும் `addi` ஒரு சைக்கிள் காத்துத்தான் ஆக வேண்டும். லோட்-யூஸ் ஹசார்ட் என்று இதைச் சொல்வார்கள். கோடு இல்லாமல் 8 சைக்கிள் என்று படம் போட்டால் ஃபார்வர்டிங்கைப் பற்றி மட்டும் படித்திருக்கிறான் என்று திருத்துகிறவருக்குத் தெரிந்துவிடும்.

இந்த 9-இல் முதல் நான்கு சைக்கிள் பைப்லைன் நிரம்புவதற்கு ஆனது. புரோகிராம் தொடர்ந்து ஓடும்போது அந்தச் செலவு ஒரே ஒருமுறைதான். எனவே நம் நான்கு கட்டளைகள் பிடித்துக்கொண்ட இடம் 5 சைக்கிள், `CPI` 1.25. கம்பைலர் கொஞ்சம் புத்திசாலியாக இருந்தால் `lh`-க்கும் `addi`-க்கும் நடுவில் வேறு ஏதாவது தொடர்பில்லாத கட்டளையை, உதாரணமாக லூப்பின் எண்ணியைக் கூட்டுவதை, நகர்த்திவைத்து அந்த வெற்று சைக்கிளையும் பயன்படுத்திக்கொள்ளும். வன்பொருளில் இருந்த பாரம் கம்பைலருக்கு மாறியது என்று ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடும் விஷயத்தின் நடைமுறை இதுதான்.

எல்லாக் கட்டளையும் ஒரே நீளம், மெமரிப் பயணம் அதிகபட்சம் ஒன்று என்பதால்தான் இந்தப் பைப்லைன் இவ்வளவு சுலபமாக அமைகிறது. எடுக்கும் கட்டத்துக்கு அடுத்த கட்டளை எங்கே தொடங்கும் என்று தெரியும், இப்போதைய முகவரியோடு நான்கைக் கூட்டினால் போதும். எங்கள் `ADD [BX+SI], 5` இதே ஐந்து கட்டத்துக்குள் நுழைந்தால் என்னாகும் என்று யோசித்துப் பாருங்கள். மெமரிக் கட்டத்தில் எண்ணை எடுத்ததும் அது பின்னோக்கிக் கணக்கிடும் கட்டத்துக்குப் போய், மறுபடி மெமரிக் கட்டத்துக்கு வர வேண்டும். பின்னால் வரும் எல்லாக் கட்டளைகளும் நிற்க வேண்டியதுதான்.

24-க்கு 5 என்ற இந்தக் கணக்கை வைத்து ரிஸ்க் ஐந்து மடங்கு வேகம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 1978-ல் வந்த, பைப்லைன் என்று பெரிதாக ஒன்றும் இல்லாத சிப்பையும், மெமரி எப்போதும் ஒரே சைக்கிளில் பதில் சொல்லும் என்று வைத்துக்கொண்ட பாடப்புத்தக ப்ராசஸரையும் அருகருகே நிறுத்தியிருக்கிறேன். வழிமுறை புரிய இது உதவும், தீர்ப்பு சொல்ல உதவாது.

தீர்ப்புக்கு அருகில் வரும் அளவீடு 1991-ல் வந்தது. திலீப் பந்தார்கர், டக்ளஸ் கிளார்க் என்ற இருவர் செய்தது. இருவரும் வாக்ஸை உருவாக்கிய டெக் நிறுவனத்தில் இருந்தவர்கள் என்பதால் ரிஸ்க்குக்குச் சார்பாக எழுதினார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. உள்ளமைப்பில் ஏறத்தாழ ஒத்த இரண்டு கணினிகளை எடுத்துக்கொண்டார்கள்: சிஸ்க்குக்கு வாக்ஸ் 8700, ரிஸ்க்குக்கு மிப்ஸ் எம்/2000. ஒரே புரோகிராம்களை இரண்டிலும் ஓட்டி சைக்கிள்களை எண்ணினார்கள். மிப்ஸ் ஏறக்குறைய இரண்டு மடங்கு கட்டளைகளை ஓட்டியது. வாக்ஸுக்கு ஒரு கட்டளைக்கு ஆன சைக்கிள்களோ ஏறக்குறைய ஆறு மடங்கு. மொத்த சைக்கிள் கணக்கில் மிப்ஸுக்குச் சராசரியாக 2.7 மடங்கு லாபம். புரோகிராமைப் பொறுத்து இது இரண்டுக்குச் சற்றுக் கீழிருந்து நான்கை நெருங்கும் வரை போனது. சமன்பாட்டில் `N` தோற்றதையும் `CPI` அதைவிடப் பெரிதாக ஜெயித்ததையும் இதைவிடத் தெளிவாகக் காட்டும் எண்கள் எனக்குத் தெரிந்து இல்லை.

சிப்பின் பரப்பிலும் இந்த லாபம் தெரிந்தது. பெர்க்லியில் பேட்டர்சனும் கார்லோ செகினும் மாணவர்களை வைத்துச் செய்த ரிஸ்க்-1 சிப்பில் 44,420 டிரான்சிஸ்டர்கள், 31 கட்டளைகள். கட்டுப்பாட்டுப் பகுதி பிடித்த இடம் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மிச்ச இடத்தை ரெஜிஸ்டர்களுக்குக் கொடுக்க முடிந்தது. இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனத்தில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்த முதல் ஆர்ம் சிப் 1985-ல் வந்தது. அதில் சுமார் 25,000 டிரான்சிஸ்டர்கள். அதே ஆண்டு இன்டெல் வெளியிட்ட 80386-ல் 2,75,000. ஆர்ம் சிப்பைச் சோதிக்கும்போது அது இழுக்கும் மின்சாரத்தை அளக்க மீட்டரை வைத்தால் பூஜ்யம் காட்டியிருக்கிறது. பார்த்தால் போர்டில் சிப்புக்கு மின் இணைப்பே கொடுக்கவில்லை. உள்ளே வரும் சிக்னல் கம்பிகள் வழியாகக் கசிந்த மின்சாரத்திலேயே அது ஓடிக்கொண்டிருந்ததாம். ஃபர்பரே பலமுறை சொன்ன கதை. தேர்வில் எழுத வேண்டாம், நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு லாபம் இருந்தும் சிஸ்க் ஏன் சாகவில்லை? நாம் வாங்கும் லேப்டாப்களில் பாதிக்கு மேல் இன்னும் இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர்கள்தானே என்று வைவாவில் கேட்டால் பலர் விழிப்பார்கள். பழைய மென்பொருள் என்ற பதில் பாதிதான் சரி. வாக்ஸுக்கும் பழைய மென்பொருள் இருந்தது, அது போய்விட்டது.

மீதிப் பதில் 1995-ல் வந்த பென்டியம் ப்ரோவில் இருக்கிறது. அதன் வாசலில் எக்ஸ்86 கட்டளைகள் வருகின்றன. உள்ளே நுழைந்ததும் டிகோடர் அவற்றைச் சின்னச் சின்ன மைக்ரோ-ஆப்களாக உடைக்கிறது. நம் `ADD` எடுத்தல், கூட்டல், வைத்தல் என்று பிரிந்துவிடும், கிட்டத்தட்ட ரிஸ்க் பக்கம் நாம் எழுதிய அதே வரிகளாக. அந்த மைக்ரோ-ஆப்கள்தான் பைப்லைனில் ஓடுகின்றன, தேவைப்பட்டால் வரிசை மாறியும் ஓடுகின்றன. வெளியே சிஸ்க், உள்ளே ரிஸ்க் என்று இதைச் சுருக்கிச் சொல்வது வழக்கம். கொஞ்சம் மிகைதான் என்றாலும் தேர்வுக்குப் பாதகமில்லை. டிரான்சிஸ்டர் மலிவாக மலிவாக, இந்த மொழிபெயர்ப்பு வேலைக்கு ஆகும் செலவு மொத்த சிப்பில் சிறு பங்காகிவிட்டது. விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் ஆர்ம், எக்ஸ்86 ப்ராசஸர்கள் பலவற்றை அளந்துவிட்டு, வேகத்திலும் மின்செலவிலும் தெரியும் வேறுபாட்டுக்குக் கட்டளைத் தொகுதி காரணமில்லை, சிப்பை எந்த நோக்கத்துக்கு வடிவமைத்தார்கள் என்பதுதான் காரணம் என்றே முடிவுக்கு வந்தார்கள். கைபேசியில் ஆர்ம் இருப்பது அது ரிஸ்க் என்பதால் மட்டுமே மின்சாரம் மிச்சமாகிறது என்று எழுதினால் அரை உண்மை.

ஓர் இடத்தில் மட்டும் பழைய கடன் இன்னும் தீரவில்லை. எக்ஸ்86 கட்டளை ஒரு பைட்டிலிருந்து 15 பைட் வரை எந்த நீளத்திலும் இருக்கலாம். ஒரே சைக்கிளில் பல கட்டளைகளைப் பிரித்துப் படிக்க வேண்டுமானால் இரண்டாவது எங்கே தொடங்குகிறது என்று தெரிய முதலாவதைப் படித்தாக வேண்டும், மூன்றாவதற்கு இரண்டாவதை. நிலையான நீளம் என்றால் 0, 4, 8, 12 என்று எல்லா டிகோடர்களும் ஒரே நேரத்தில் தங்கள் இடத்துக்குப் போய்விடும். 2020-ல் வந்த ஆப்பிளின் எம்1 சிப்பின் பெரிய கோர்கள் சைக்கிளுக்கு 8 கட்டளைகளைப் படிக்கும். அதே காலத்து எக்ஸ்86 ப்ராசஸர்களில் இது 4, 5 என்ற அளவில் இருந்தது. இந்தச் சிக்கலைச் சமாளிக்கத்தான் எக்ஸ்86 சிப்புகள் ஒருமுறை உடைத்த மைக்ரோ-ஆப்களைத் தனிக் கேஷில் சேர்த்துவைத்துக்கொள்கின்றன. லூப் திரும்ப வரும்போது மறுபடி உடைக்க வேண்டியதில்லை.

ரிஸ்க்கும் தன் பக்கத்துக் கடனை அடைக்க வேண்டியிருந்தது. 3 பைட்டுக்கு 16 பைட் என்று பார்த்தோமே, சின்ன மெமரி உள்ள கருவிகளில் அது சுமை. ஆர்ம் 1990-களிலேயே தம்ப் என்ற 16-பிட் கட்டளைகளைச் சேர்த்தது. 2010-ல் பெர்க்லியில் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவிலும், அடிக்கடி வரும் கட்டளைகளை 2 பைட்டில் சுருக்கும் துணைத் தொகுதி உண்டு. சென்னை ஐஐடியில் உருவான சக்தி ப்ராசஸர்களும் இந்த ரிஸ்க்-ஃபைவ் குடும்பம்தான். ஆக, 'ரிஸ்க் என்றால் எல்லாக் கட்டளையும் ஒரே நீளம்' என்பதை இன்று 'ஒன்றிரண்டு நீளங்கள் மட்டும்' என்று திருத்தி எழுதுவது பாதுகாப்பு. மிப்ஸ் கடன் வேறு மாதிரி. தாவும் கட்டளைக்கு அடுத்த கட்டளை எப்படியும் ஓடிவிடும் என்று அது விதி வைத்தது. அன்றைய பைப்லைனுக்கு வசதியாக இருந்த அந்த விதி, பைப்லைன் நீண்டு, தாவலை முன்கூட்டியே ஊகிக்கும் வசதி வந்த பிறகு வெறும் தொல்லையாகிவிட்டது. கட்டளைத் தொகுதிக்குள் வைத்துவிட்டதால் எடுக்கவும் முடியவில்லை. ரிஸ்க்-ஃபைவை வடிவமைத்தவர்கள் அதைத் தொடவில்லை.

இதையெல்லாம் நம்பத்தான் வேண்டும் என்பதில்லை, லினக்ஸ் கணினி இருந்தால் பார்த்தே விடலாம். ஒரே சி ஃபங்ஷனை இரண்டு கம்பைலரிலும் கொடுங்கள்:

```
gcc -O2 -c a.c && objdump -d a.o
riscv64-linux-gnu-gcc -O2 -march=rv64g -c a.c -o b.o
riscv64-linux-gnu-objdump -d b.o
```

இடது ஓரத்தில் வரும் முகவரிகளைப் பாருங்கள். இரண்டாவதில் 0, 4, 8, c என்று ஒரே சீராக ஏறும். முதலாவதில் ஒன்று, மூன்று, ஐந்து என்று தாறுமாறாக ஏறும். `a[i] += 5` என்று `short` அரேயில் எழுதியிருந்தால் 64-பிட் இன்டெல் பக்கம் `66 83 04 77 05` என்று ஒரு வரி வரக்கூடும். நடுவில் இருக்கும் `83`, 1978-ல் இருந்த அதே `83`.

இந்தக் கேள்வியோடு பெரும்பாலும் ஒரு கணக்கும் ஒட்டிவரும். 100 மெகாஹெர்ட்ஸ் சிஸ்க் ஒன்று ஒரு வேலைக்கு 10 லட்சம் கட்டளைகளை ஓட்டுகிறது, `CPI` 6. அதே கிளாக்கில் ரிஸ்க் ஒன்று 20 லட்சம் கட்டளைகளை ஓட்டுகிறது, `CPI` 1.25. எது எவ்வளவு வேகம்?

```
CISC: T = 1000000 × 6    / 100000000 = 60 ms
RISC: T = 2000000 × 1.25 / 100000000 = 25 ms
```

ரிஸ்க் 2.4 மடங்கு வேகம். சிலர் நேரத்தைக் கணக்கிடாமல் ஒரு செகண்டுக்கு எத்தனை மில்லியன் கட்டளை என்று பார்ப்பார்கள். சிஸ்க்குக்கு 16.7, ரிஸ்க்குக்கு 80 வரும். வகுத்து 4.8 மடங்கு என்று எழுதிவிடுவார்கள். ரிஸ்க் அதே வேலைக்கு இரண்டு மடங்கு கட்டளைகளை ஓட்டியாக வேண்டும் என்பது அந்தக் கணக்கில் வரவே இல்லை. 4.8-ஐ இரண்டால் வகுத்தால் 2.4 வந்துவிடும், மதிப்பெண்ணும் அதற்குத்தான்.